ஜாரையும் கொண்டு வாங்க

மிக்ஸி ஓடவில்லை என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, "ஜாரைக் கொண்டு வந்தீங்களா?" என்றுதான். பெரும்பாலும் கொண்டு வந்திருக்க மாட்டார்கள். அடிப்பாகத்தை மட்டும் வயரைச் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். ஜாரில் பாதி அரைத்த தேங்காய் இருக்கிறது என்பார்கள், இல்லையென்றால் கழுவிக் கவிழ்த்துவிட்டேன் என்பார்கள். மோட்டார் கீழே இருப்பதால் கோளாறும் கீழேதான் இருக்கும் என்ற நினைப்பு. திருப்பி அனுப்பி, வீட்டில் இருக்கும் எல்லா ஜாரையும் எடுத்து வரச் சொல்வேன். கோளாறு ஜாரில் இருப்பதை நான் பார்த்த அளவுக்கு மோட்டாரில் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன மோட்டார் வைண்டிங் யூனிட்டில் வேலை பார்த்தேன். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவது, ஸ்லாட்டில் பேப்பர் போட்டுக் காயிலை இறக்குவது, நூலால் கட்டுவது எல்லாம் பெண்கள்தான். வார்னிஷில் முக்கி எடுத்த பிறகு டெஸ்ட் போடுவது மட்டும் மேஸ்திரி. அவர் டெஸ்ட் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான் என் படிப்பு. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். நாங்கள் குடியிருந்தது ஒரே சுவரில் வரிசையாக வீடுகள் ஒட்டிய லைன் வீடு. எதிர்வீட்டு மிக்ஸியை ஒருநாள் திறந்து பார்த்தேன், சரியாகிவிட்டது. அதிலிருந்து லைனில் எது நின்றாலும் என் திண்ணைக்கு வரத் தொடங்கியது. 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு, அதுவரை அம்மியும் ஆட்டுக்கல்லுமாக இருந்த வீடுகளிலும் மோட்டார் வந்தது. என் திண்ணையிலும் கூட்டம் கூடியது.

கருவிப்பெட்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டெஸ்டர், நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், தட்டை ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், மூக்குப் பிளேயர், ஜீரோ நம்பர் உப்புத்தாள், பழைய பல் பிரஷ், ஒரு சின்னக் குப்பியில் மண்ணெண்ணெய். இவற்றோடு, மரப்பலகையில் நானே அடித்து வைத்த சீரிஸ் போர்டு.

ஜாரின் சங்கதியை ஒரு மிக்ஸியை வைத்தே சொல்கிறேன். எங்கள் லைனின் கடைசி வீட்டு அக்கா, பக்கத்திலுள்ள மெஸ்களுக்கு இஞ்சி பூண்டு விழுது அரைத்துக் கொடுப்பார். 750 வாட் மிக்ஸி, காலையில் மூன்று நான்கு கிலோ அரைக்கும். அது திடீர் திடீரென்று நின்றுபோனது. அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடும், அடுத்த ஈட்டில் மறுபடி நிற்கும். அந்தப் பொத்தான்தான் ஓவர்லோடு சுவிட்ச். மோட்டார் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அது சூடாகி இணைப்பைத் துண்டித்துவிடும். ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு அமுக்கினால் பழையபடி சேரும். அக்கா கடைத்தெருவில் ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். ஓவர்லோடு போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அதே கதை. மறுபடியும் மாற்றினார்கள். இந்தத் தடவை நிற்கவில்லை, ஆனால் கருகிய வாடை வந்தது. ஆர்மெச்சர் போய்விட்டது, புதிதே வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"மோட்டாரு போயிருச்சாமா கண்ணு. நீ ஒருக்கா பாத்துச் சொன்னீன்னா மனசு ஆறும்" என்று அக்கா என்னிடம் வந்தார்.

"ஜாரு எங்கீங்க்கா?"

"ஜாரெல்லாம் நல்லாத்தான் இருக்குது. போன வருசந்தான் பிளேடு மாத்துனேன்."

"பரவாயில்லீங், எல்லாத்தையும் கொண்டு வாங்க."

வெறும் மோட்டாரை ஒன்றாம் நம்பரில் ஓட்டினேன். சீராக ஓடியது. சட்னி ஜாரை வைத்து ஓட்டினேன், அதுவும் சரி. பெரிய ஜாரை மோட்டாரில் வைக்கவில்லை. கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருக்கும் கப்ளரை இரண்டு விரலால் சுழற்றிப் பார்த்தேன். நல்ல ஜார் என்றால் விரலைக் கொடுத்ததும் வழுக்கிக்கொண்டு போகும், விட்ட பிறகும் கொஞ்சம் சுழலும். இது அசையவே இல்லை. பிளேயரால் பிடித்துத் திருப்பினால் நறநறவென்று நகர்ந்தது. அந்த இறுக்கத்தை உடைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் மோட்டார் கிளம்பியிருக்கிறது.

ஜாரின் அடியில் பித்தளை நிறத்தில் ஒரு குழல் இருக்கும். அதைத்தான் புஷ் என்கிறோம். பிளேடு மாட்டிய தண்டு அதற்குள் சுழல்கிறது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தலைமுடிக்குக்கூடப் போதாது. மேலே ஒரு ரப்பர் சீல் இருந்து, அரைக்கிற சாறு அந்த இடைவெளிக்குள் போகாமல் தடுக்கிறது. சீல் தேய்ந்தால் சாறு இறங்கும். தேங்காய்ப் பால், உளுந்து மாவு, உப்பும் புளியும் போட்ட சட்னி, எதுவானாலும் இரவில் காய்ந்து பிசினாக இறுகும். உப்பு சேர்ந்தால் தண்டில் துருவும் பிடிக்கும். இன்னும் தேய்ந்தால் சாறு புஷ்ஷைத் தாண்டிக் கப்ளர் வழியாக மோட்டாரின் மேல் பேரிங்கில் சொட்டும். மிக்ஸியைத் தூக்கினால் அடியில் கறுப்பாக ஈரம் தெரிகிறது என்று சொல்பவர்கள் பார்ப்பது அந்தச் சாற்றைத்தான்.

கப்ளரைக் கழற்றுவதில் ஒரு விஷயம் இருக்கிறது, தெரியாதவர்கள் இதில்தான் உடைப்பார்கள். வழக்கமான நட்டுப் போல எல்லாவற்றையும் இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள், வராது, பிறகு சுத்தியலை எடுப்பார்கள். கப்ளரின் மரை, ஓட ஓட இறுகும்படி வெட்டப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் ஒரு தடவை பருப்பு அரைத்ததும் கழன்று ஓடிவிடும். மோட்டார் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கமே கப்ளரைத் திருப்பினால்தான் கழலும். அதனால் கழற்றும் முன் ஒரு நொடி ஓட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்குவேன். மோட்டார் பக்கத்துக் கப்ளருக்குத் தண்டின் அடிமுனையில் ஸ்க்ரூடிரைவர் நுழையும் காடி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஜார் பக்கத்தில் பிளேடைக் கனமான துணியால் சுற்றிப் பிடிக்க வேண்டும். வெறும் கையால் பிடித்தால் உள்ளங்கை கிழிந்துவிடும்.

அக்காவின் ஜார் அந்த முறைக்கும் மசியவில்லை. உள்ளே கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தேன். கவிழ்த்து, தண்டைச் சுற்றி நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் திருப்பியதும் கப்ளர் வந்தது. தண்டை மேல்பக்கமாக இழுத்தபோது அதோடு இஞ்சி நாரும் வந்தது. நூல் கண்டில் நூல் சுற்றியதுபோல நார் தண்டைச் சுற்றி இறுகி, பழுப்பாகி, தோல் மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் பிரிக்க முடியவில்லை, பிளேடு முனையால் கீறி உரித்தேன். அதன் கீழே தண்டில் வளையம் வளையமாகத் துரு. சீலின் உதடு பாதிச் சுற்றுக்கு இல்லவே இல்லை.

தண்டை ஜீரோ நம்பர் தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்து மினுக்கினேன். புஷ்ஷின் உட்புறத்தைத் துணித்திரியால் துடைத்து, மண்ணெண்ணெய் வாடை போகும்வரை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். பிறகு தண்டை உள்ளே விட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். இதுதான் முக்கியமான பரிசோதனை. தண்டு சுழல வேண்டும், ஆடக்கூடாது. லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது என்று அர்த்தம். அதை எத்தனை சுத்தம் செய்தாலும் பயனில்லை. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதியதை நேராக அழுத்தி இறக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் பிளேடு ஜாரில் உரசும். அதற்குரிய அழுத்தி என்னிடம் கிடையாது என்பதால் அப்படிப்பட்ட ஜாரைக் கடைக்குத்தான் அனுப்புவேன். அக்காவின் புஷ் ஆடவில்லை. புது சீல் போட்டு, ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பூட்டினேன். சாப்பாடு படும் இடம், மெஷின் ஆயில் போட மனம் வராது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும் என்பதால் ஒரு சொட்டுக்கு மேல் கூடாது.

ஜார் சரியாகிவிட்டது. ஆனால் கருகிய வாடை எங்கிருந்து வந்தது என்பது பாக்கியிருந்தது. அடித்தட்டைத் திறந்து ஓவர்லோடு சுவிட்சை வெளியே எடுத்து அதன் மேலுள்ள அச்சைப் பார்த்தேன். 7 ஆம்பியர் என்று இருந்தது. 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் முழு வேலை செய்யும்போது எடுப்பது மூன்றேகால் ஆம்பியர் வாக்கில்தான். அடிக்கடி நிற்கிறது என்று வாடிக்கையாளர் குறை சொன்னதும், நிற்காத சுவிட்சாகப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். அதோடு மோட்டாருக்கு இருந்த ஒரே காவலும் போய்விட்டது. இறுகிய ஜாரைச் சுழற்ற முடியாமல் மோட்டார் இழுத்த கரண்ட் முழுவதும் காயிலைச் சூடாக்கியிருக்கிறது. வாடை வார்னிஷுடையது. நான் வருடக்கணக்கில் முகர்ந்த வாடை என்பதால் மூக்குக்கு உடனே தெரிந்தது. நல்லவேளை, ஃபீல்டு காயிலில் நிறம்தான் மாறியிருந்தது. நூலும் பேப்பரும் கருகவில்லை. அந்த மாடலுக்கு உரிய சுவிட்சைக் கம்பெனிச் சாமான் விற்கும் கடையில் வாங்கிப் போட்டேன். ஓவர்லோடு அடிக்கடி விழுந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை எது விழவைக்கிறது என்று பார்க்காமல் பெரிய சுவிட்சைப் போடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. நாள் முழுக்க உழைக்கிற ஒரு பெண்ணின் முதலீடு அது.

அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அரைத்து முடித்ததும் ஜாரில் கால் பங்கு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் விட்டு நாலு நொடி ஓட்டிக் கொட்டிவிட்டு, அப்புறம் கழுவிக் கவிழ்க்க வேண்டும். மறுநாள் ஜாரை மோட்டாரில் வைக்கும் முன் கப்ளரை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

மிக்ஸி மோட்டாரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி ஆட்டுக்கல்லில் மோட்டாரைப் பூட்டி வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயம். 1960-களின் தொடக்கத்தில் பம்பாயில் எஸ்.பி. மாத்தூர், வெளிநாட்டு மிக்ஸியின் மோட்டார் நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்ததைப் பார்த்துவிட்டு சுமீத் மிக்ஸியைக் கொண்டுவந்தார். இரண்டும் அரைக்கும் சாமான்தான், ஆனால் மோட்டார் இனம் வேறு. கிரைண்டர் மோட்டாரில் கார்பன் கிடையாது, நிதானமாகச் சுற்றும். மிக்ஸி நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று, அதற்கு மேலும் பறக்கும். அந்த வேகத்தில் சுழலும் ஆர்மெச்சருக்குக் கரண்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இருபுறமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே இருக்கும் இரண்டு கரித்துண்டுகள். உரசுவதால் அவை தேய்ந்தே தீரும். தேயும்படிதான் செய்திருக்கிறார்கள்.

கார்பன் தேய்ந்ததை மிக்ஸியே காட்டிக்கொடுக்கும். ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் நீலப்பொறி பெரிதாகத் தெரியும். வேகம் குறைந்து மசால் கொரகொரப்பாகவே நிற்கும். கழற்றிப் பார்த்தால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கரி அரை சென்டிமீட்டருக்கு வந்திருக்கும். ஸ்பிரிங்குக்குத் தள்ள நீளம் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்.

புதுக் கார்பனைச் செருகி மூடிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அதன் முனை பெரும்பாலும் தட்டையாக இருக்கும், அது உட்கார வேண்டிய கம்யூட்டேட்டரோ உருண்டை. ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு ஓடினால் பொறி பறந்து செம்பைக் கருக்கும். நான் ஜீரோ நம்பர் உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, தேய்க்கும் பக்கம் வெளியே தெரியும்படி கம்யூட்டேட்டரைச் சுற்றி வைப்பேன். கார்பனை ஸ்பிரிங்கோடு அதன்மேல் இறக்கி, ஆர்மெச்சரைக் கையால் அதன் வழக்கமான திசையில் மெல்லத் திருப்புவேன். கரி அந்த வளைவுக்குத் தகுந்தாற்போலத் தேய்ந்து குழியும். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் முனை முழுக்க ஒரே பளபளப்பாக இருக்க வேண்டும், ஒரு மூலை மங்கலாக இருந்தால் இன்னும் நாலு திருப்பு. பிறகு கரித்தூளை பிரஷால் தட்டிவிட்டு, செம்புப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள காடிகளை ஊசியால் கீறிச் சுத்தம் செய்வேன். அந்தக் காடிகளில் கரித்தூள் அடைந்தால் பட்டைக்குப் பட்டை கரண்ட் பாயும். கடைசியாக ஜார் வைக்காமல் ஒன்றாம் நம்பரில் சில நிமிடம் ஓடவிடுவேன். பொறி குறைந்துகொண்டே வந்து ஊசிமுனை அளவில் நின்றால் சரி. கம்யூட்டேட்டரைச் சுற்றிலும் நெருப்பு வளையமாகவே தெரிந்தால், கருகிய வாடையும் சேர்ந்தால், ஆர்மெச்சர் உள்ளே சார்ட். அது என் திண்ணையில் தீராது. வீட்டில் கையால் சுற்றிப் போட்டாலும் அந்த வேகத்துக்குச் சமநிலை செய்ய வேண்டும். அதற்கு மெஷின் தேவை. அப்போது மட்டும்தான், மோட்டார் போய்விட்டது என்று நானும் சொல்வேன்.

இனி சீரிஸ் போர்டு. மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்ததிலேயே இதுதான் பெரிய சொத்து. பலகையில் இரண்டு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவுதான். வீட்டுக் கரண்ட் நேராகப் பாயிண்டுக்குப் போகாமல், குண்டு பல்பு வழியாகப் போய்ச் சேரும். சோதிக்க வேண்டிய சாமானை அந்தப் பாயிண்டில் செருகினால், உள்ளே சார்ட் ஆகியிருந்தாலும் ஃபியூஸ் போகாது, பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவே. உள்ளே எங்காவது வயர் அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது. நல்ல மிக்ஸி மோட்டார் என்றால் இரண்டு 100 வாட் பல்பும் மங்கலாக எரிந்து மோட்டார் மெதுவாகச் சுழலும், சில சமயம் மரக்குச்சியால் கப்ளரை ஒரு தட்டுத் தட்டிக் கிளப்ப வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மோட்டார் அசையாமல் நின்றால், ஜாம் ஆகியிருக்கிறது அல்லது சார்ட். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது, உள்ளே இழை இருக்கும் பழைய குண்டு பல்பே வேண்டும். இப்போது கடைகளில் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். எங்கே கண்டாலும் இரண்டு வாங்கி வைத்துவிடுவேன்.

ஆனால் இந்தப் போர்டு சொல்லாத ஒன்று உண்டு. அதை எனக்குப் புரியவைத்தது ஓர் அயர்ன் பாக்ஸ்.

நடு வீட்டில் குடியிருந்த டீச்சரம்மா அதைக் கொண்டு வந்தார். சூடெல்லாம் ஆகிறது, ஆனால் தொட்டால் சுர்ரென்கிறது, அதுவும் தரையைக் கழுவிய நாளில் வெறுங்காலோடு நின்றால் அதிகம் என்றார். அவர் மகன் சட்டைக்குத் தினமும் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது வழக்கம். தேய்த்து முடித்து பெட்டியைக் குளியலறைக்கு வெளியேயுள்ள பரணில் வைப்பாராம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் முழுக்க ஈரம்.

சீரிஸ் போர்டின் ஒரு முனையைப் பிளக்கின் பின்னிலும் இன்னொரு முனையை அடித்தகட்டிலும் வைத்தேன். பல்பு எரியவில்லை. எலிமென்ட் நேராகப் பாடியைத் தொடவில்லை என்பது வரை சரி. இத்தோடு நல்லதாகத்தான் இருக்கிறது என்று கொடுத்தனுப்பும் ரிப்பேர்க்காரர்கள் உண்டு. ஆனால் 100 வாட் பல்பு முழுதாக எரிய நானூறு மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். மனித உயிரைப் பறிக்க அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். வீட்டில் உயிர் காக்க வைக்கும் டிரிப்பர் 30 மில்லி ஆம்பியரிலேயே விழும்படி செய்யப்படுவது அதனால்தான். அந்த அளவு கசிவுக்குப் பல்பின் இழை சிவக்கக்கூடச் செய்யாது. பல்பு எரியவில்லை என்பதால் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது.

பழைய யூனிட்டுக்குப் போய் மெக்கரை இரவல் வாங்கி வந்தேன். 500 வோல்ட் கொடுத்து, எலிமென்ட்டுக்கும் பாடிக்கும் நடுவில் எவ்வளவு தடை இருக்கிறது என்று காட்டும் கருவி. குறைந்தது ஒன்றிரண்டு மெகா ஓமாவது இருக்க வேண்டும். டீச்சரம்மாவின் பெட்டியில் கால் மெகா ஓம்கூட இல்லை. இந்தக் காலத்து அயர்ன் பாக்ஸில் எலிமென்ட் அடித்தகட்டுக்குள்ளேயே குழாயாகப் புதைந்திருக்கும். குழாய்க்குள் கம்பியைச் சுற்றி வெள்ளைப் பொடி, மெக்னீசியம் ஆக்சைடு, இறுக்கி அடைத்திருக்கும். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. ஆனால் முனையிலுள்ள அடைப்பு விரிசல் விட்டால் அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் ஏறியதும் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். பாயிண்டில் செருகி, யாரும் தொடாமல் அரைமணி நேரம் சூடாக்கி, அணைத்து, முழுக்க ஆறவிட்டு மறுபடி அளந்தேன். முள் பல மெகா ஓமுக்கு ஏறிவிட்டது. ஈரம்தான் காரணம் என்று உறுதியானது. அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும் என்பதும் உறுதி.

அப்படியானால் டீச்சரம்மாவுக்கு ஏன் சுர்ரென்றது? இந்த மாதிரிக் கசிவைத் தரைக்குக் கொண்டுபோகத்தானே பாடியில் பச்சை வயர் இருக்கிறது. வயரைப் பின்தொடர்ந்து பிளக்கைத் திறந்தேன். கம்பெனி பிளக் இல்லை, பின்னால் யாரோ மாட்டிய இரண்டு பின் பிளக். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு ஓட்டைதான் இருந்தது என்பதற்காக மாற்றியிருக்கிறார்கள். பச்சை வயரை அடியோடு வெட்டி, மிச்சத்தை மடக்கி டேப் சுற்றியிருந்தது. கசிந்த கரண்டுக்குப் போக வேறு வழி இல்லை, டீச்சரம்மாவின் உடம்பு வழியாகப் போனது.

மூன்று பின் பிளக் போட்டேன். கையில் எடுக்கும் இடத்தில் உறை நைந்திருந்ததால் வயரையும் துணி உறை போட்ட மூன்று கோர் வயராக மாற்றினேன். பச்சையை மற்ற இரண்டைவிட ஒரு விரற்கடை நீளமாக விட்டுத்தான் எப்போதும் இணைப்பேன். யாராவது வயரை வெடுக்கென்று இழுத்தால் மற்றவை முதலில் பிடுங்கிக்கொள்ள வேண்டும், எர்த் கடைசிவரை நிற்க வேண்டும். பெட்டியை இனி பரணில் வைக்க வேண்டாம், அலமாரியில் வையுங்கள் என்றேன். ஆனால் கொடுத்தனுப்ப மனம் ஒப்பவில்லை. பச்சை வயர் பிளக் வரை வந்துவிட்டது. சுவருக்குள் அது எங்கே போகிறது?

அவர் வீட்டுக்கே சீரிஸ் பல்பை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் லைனில் எல்லா வீட்டிலும் மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பிளக்குகளைக் கழற்றச் சொன்னேன். எர்த் கம்பி தரையைத் தொடாமல் வீடுகளை மட்டும் இணைத்துக்கொண்டிருந்தால், நான் இங்கே பல்பு வைக்கும்போது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் பாடியில் கரண்ட் ஏறிவிடும். பிளக் பாயிண்டை நேராகப் பார்த்தால் வலப்பக்க ஓட்டை ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே பெரியது எர்த். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் பல்பு வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன். இழை கொஞ்சமும் சிவக்கவில்லை. அடுத்த வீட்டிலும் அதே. கடைசி வீட்டு அக்கா வீட்டிலும் அதே. மேல் ஓட்டை இருந்தது, கம்பியும் இருந்தது, மண்ணோடு சேர்க்கை இல்லை. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், எர்த் குழியின் மேல் யாரோ சிமெண்ட் போட்டு வாசலை உயர்த்தியிருந்தார்கள். கம்பி சுவரின் அடியில் அரித்து அறுந்திருந்தது.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னோம். வாடகை வாங்க வரும்போது பார்க்கலாம் என்றார். மறுமுறை அவர் வந்தபோது டீச்சரம்மா, அக்கா, நான் எல்லாரும் சேர்ந்து நின்றோம். பல்பை வைத்து அவர் கண் முன்னாலேயே காட்டினேன். எரியாத பல்பைப் பார்த்து, "இது ஃபியூஸான பல்பா இருக்குமுங்க" என்றார். அதே பல்பை நியூட்ரலில் வைத்ததும் எரிந்தது. அதற்கு மேல் அவர் பேசவில்லை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதுக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பரும் வைத்தார்கள். அதன் செலவில் பாதியை எங்கள் வாடகையில் ஏற்றத்தான் செய்தார். கோடையில் அந்தக் குழி காய்ந்துவிடாமல் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற முறை போட்டுக்கொண்டோம்.

டிரிப்பர் வைத்த மறுநாள் காலை லைன் முழுக்கக் கரண்ட் போனது. எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். ஒவ்வொரு வீட்டு பிளக்காகக் கழற்றிக்கொண்டே வந்ததில், இரண்டாம் வீட்டுத் தண்ணீர் சூடாக்கும் ராடில் வந்து நின்றது. அந்த ராடால் சூடாகும் வாளித் தண்ணீரில் விரல் விட்டுப் பார்ப்பது அந்த வீட்டுப் பாட்டியின் வழக்கம். பிளக்கைக் கழற்றி, ராடைத் தூக்கி என் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.